வீட்டுப் பக்கம்: தவணை தவறிய காண்டிராக்டருக்கு ஒரு கடிதம்

மும்பை செம்பூரில் வசிக்கும் நமது சங்க அன்பர் ஒருவர் சென்ற மார்ச் மாதத்தில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பழைய பிளாட் ஒன்றை வாங்கி, அதன் இரு குளியலறைகளையும் சமையலறையையும் புதுப்பிக்கும் வேலையை ஒரு காண்டிராக்டரிடம் ஒப்படைத்திருந்தார். பிப்ரவரி 28ஆம் தேதி முடிய வேண்டிய வேலை, மார்ச் மாதம் பாதி கடந்தும் முடியவில்லை. குடும்பமோ 32,000 ரூபாய் வாடகை வீட்டில் இருந்தது. அந்த வீட்டின் ஒப்பந்தம் மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. மேலும் எத்தனை நாள் வேண்டும் என்பதை 20ஆம் தேதிக்குள் சொல்லுமாறு வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வயது முதிர்ந்த தாயாரைத் தம்பி வீட்டில் விட்டிருந்தார்கள், அம்மையாரும் நாள்தோறும், “எப்போதடா அழைத்துப் போவாய்?” என்று கேட்டவண்ணம் இருந்தார்.

“எழுத்தில் தேதி கேட்கலாம்தான், ஆனால் அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர். ‘அண்ணாச்சி, இன்னும் இரண்டே நாள்!’ என்று வாய் நிறையச் சொல்கிறார். கடுதாசி கொடுத்தால் மனம் நோகாதா?” என்று அன்பர் கேட்டிருந்தார்.

இத்தயக்கம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. வெளியூரில் நம் மொழி பேசும் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டால், கணக்குப் பேசுவதே அவமரியாதை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் வாய்ச்சொல்லில் நிற்கும் தேதி ஒவ்வொரு நாளும் நகர்கின்றது. நகரும்போதெல்லாம் ஒரு சச்சரவு உண்டாகின்றது. உறவைக் கெடுப்பது அந்தச் சச்சரவேயன்றிக் காகிதம் அன்று. ஆகவே கடிதம் எழுதும்படியே அவருக்கு யோசனை கூறினோம். எழுதுமுன் செய்ய வேண்டியவை இரண்டு இருந்தன.

முதலாவது, காண்டிராக்டரையும் உடன் வைத்துக்கொண்டு, வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்ப்பது. “வேலை பாதிகூட ஆகவில்லை” என்று எழுதினால், “முக்கால்வாசி ஆயிற்றே” என்று மறுமொழி வரும். அவ்விவாதத்திற்கு முடிவே இராது. எது முடிந்தது, எது முடியவில்லை என்று இருவரும் சேர்ந்து எழுதிய பட்டியலையோ எவரும் மறுக்க இயலாது. மார்ச் 14ஆம் தேதி காலை அவ்வாறே பார்த்தனர். இடிப்பு வேலை, குழாய், மின்கம்பி, சுவர்ப்பூச்சு, ஒரு குளியலறை ஆகியவை முடிந்திருந்தன. இரண்டாவது குளியலறைத் தரையின் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும், அதன்மேல் டைல்ஸும், சமையலறையின் கிரானைட் மேடையும், அதன் கீழ் அலமாரிகளும், வர்ணமும் பாக்கி. ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டனர்.

இரண்டாவது, தாமதத்தில் தம் பங்கு எவ்வளவு என்று தாமே கணக்கிடுவது. டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் அன்பர் குடும்பம் 9 நாள் எடுத்துக்கொண்டது. ஓசை எழுப்பும் வேலையை ஹவுஸிங் ஸொஸைட்டி 3 நாள் நிறுத்தி வைத்தது. இந்த 12 நாட்களைக் காண்டிராக்டர் தலையில் சுமத்துவது நியாயமன்று. நாம் சொல்லாமல் விட்டால், அவர் அவற்றையே 30 நாளாக்கிக் காட்டுவார். நாமே முன்வந்து ஒப்புக்கொண்டால், மிஞ்சும் தாமதம் ஐயத்திற்கு இடமின்றி அவருடையதாகிவிடும்.

பின்னர் அன்பர் அனுப்பிய கடிதம் இதுதான்:

“அன்புள்ள தம்பிக்கு, நமது ஒப்பந்தப்படி ஜனவரி 5ஆம் தேதி தொடங்கிய வேலை பிப்ரவரி 28ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். மார்ச் 14ஆம் தேதி நாமிருவரும் பார்த்து எழுதிய பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். எங்களால் 9 நாளும், ஸொஸைட்டியின் தடையால் 3 நாளும் கழிந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவற்றைச் சேர்த்தாலும் மார்ச் 12ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டும். பாக்கியுள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தேதியும், சாவியை ஒப்படைக்கும் தேதியும் குறித்து, கையொப்பமிட்டு, மார்ச் 18ஆம் தேதிக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வாடகை வீட்டுக்காரருக்கு 20ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் தவணை 1,80,000 ரூபாய், ஒப்பந்தத்தில் கண்டபடி டைல்ஸ் வேலை முழுதும் முடிந்ததும் தரப்படும். புதிய தேதியை நான் ஏற்றுக்கொண்டாலும், தாமதத்தால் நேரும் நஷ்டத்தைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாகாது.”

இதில் வசைமொழி இல்லை, மிரட்டலும் இல்லை. ஆயினும் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாகாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இதைப்பற்றியதே. காலமே உயிர்நாடியாக அமைந்த ஒப்பந்தத்தில், குறித்த காலம் தவறியபின் வேறொரு காலத்தில் வேலையை ஏற்றுக்கொள்பவர், நஷ்டஈடு கேட்கும் தம் எண்ணத்தை ஏற்கும் சமயத்திலேயே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிடில் பின்னர் கேட்க இயலாது என்பது அதன் சாரம். வீட்டு வேலை ஒப்பந்தம் அவ்வகையைச் சேர்ந்ததா என்பது விவாதத்திற்கு உரியது. கட்டட ஒப்பந்தங்களில் காலம் பொதுவாக உயிர்நாடியன்று என்று 1979இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கின்றது. ஆதலால் ஒரு தேதி தவறியவுடன் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்துவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து. அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைப்பதோ நமக்குச் செலவில்லாத காப்பு.

கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பியதோடு, ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினார். 17ஆம் தேதி பதில் வந்தது: “மார்ச் 31க்குள் எல்லா வேலையும் முடித்துத் தரப்படும்.” அன்பர் மகிழ்ச்சியோடு அதை நமக்கு அனுப்பியிருந்தார். நாமோ மகிழவில்லை. அத்தேதி நம்மைத் திருப்தி செய்ய எழுதப்பட்டதேயன்றி, வேலையைக் கணக்கிட்டு எழுதப்பட்டதன்று. மனிதர் அவசரப்பட்டாலும் சுருங்காத வேலைகள் சில உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் இது விளங்கும்.

குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை பூசி உலர விட வேண்டும். பின்னர் வடிகாலை அடைத்து, நீரைத் தேக்கி, 48 மணி நேரமாவது வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே டைல்ஸ். 19ஆம் தேதி தொடங்கினாலும் இது 27ஆம் தேதிக்கு முன் முடியாது. கிரானைட் மேடை அமைந்த பின்னரே அலமாரிக்கு அளவெடுப்பார்கள். தமக்கு 10 நாள் வேண்டும் என்று தச்சரே சொல்லியிருந்தார். மேடை 24ஆம் தேதி அமைந்தால், அலமாரி ஏப்ரல் 3ஆம் தேதி வரும். தச்சு வேலை தூசி அடங்கிய பின்னரே கடைசிக் கை வர்ணம். அதற்கு 5 நாள். ஆகவே மார்ச் 31 நடவாத காரியம். அதை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்திருந்தால் குடும்பம் தெருவில் நின்றிருக்கும்.

அன்பர் இக்கணக்கை எடுத்துக்கொண்டு நேரில் சென்றார். “தம்பி, சீக்கிரமான தேதி எனக்கு வேண்டாம், உண்மையான தேதியைச் சொல்லுங்கள்” என்றார். காண்டிராக்டர் சற்று நேரம் மௌனமாயிருந்து, “அண்ணாச்சி கோபிப்பீர்கள் என்றுதான் அப்படி எழுதினேன்” என்று சொன்னாராம். பின்னர் அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தார்: மேடை மார்ச் 24, குளியலறை 27, அலமாரி ஏப்ரல் 3, வர்ணம் 8, சாவி 11. அன்பர் அதன்மேல் 4 நாள் கூட்டி, வாடகை ஒப்பந்தத்தை ஏப்ரல் 15 வரை நீட்டித்துக்கொண்டார்.

ஒரே தேதிக்குப் பதில் ஐந்து தேதிகள் கேட்டதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. ஒரே தேதியாயின் அது பொய் என்பது கடைசி நாளில்தான் புலப்படும். ஐந்து தேதிகளாயின் முதல் வாரத்திலேயே நிலைமை தெரிந்துவிடும். மேடை 24ஆம் தேதியே அமைந்தது. குளியலறையில் நீர் தேக்கியபோது, வடிகால் வாயின் ஓரமாகக் கீழ்வீட்டுக் கூரையில் உள்ளங்கையளவு ஈரம் கண்டது. அவ்விடத்தைச் செப்பனிட்டு மறுபடி நீர் தேக்கிப் பார்த்ததில் 4 நாள் போயிற்று. காண்டிராக்டர் அன்றே காரணத்தை எழுதி, 27ஐ 31 ஆக மாற்றித் தந்தார். அன்பரும் மறுசொல்லின்றி ஏற்றார். மார்ச் 31க்குள் முடிக்கத் துரத்தியிருந்தால் அந்த ஈரத்தின் மேலேயே டைல்ஸ் பதித்திருப்பார்கள். மழைக்காலத்திற்குள் கீழ்வீட்டாரோடு வழக்கு வந்திருக்கும்.

சாவி ஏப்ரல் 13ஆம் தேதி கைக்கு வந்தது. கூடுதலாகச் செலுத்திய அரை மாத வாடகை 16,000 ரூபாய். இருவரும் பேசி ஆளுக்குப் பாதி ஏற்பதென முடிவு செய்தனர். கடைசித் தவணை 60,000இல் 8,000 கழிந்தது. முழுத் தொகையையும் கேட்டிருக்கலாமே என்போர் இருக்கலாம். தம் 9 நாளையும் தாமே ஒப்புக்கொண்டவருக்கு இது நியாயமாகவே தோன்றியது.

எழுதிக் கொடுக்கவே மறுப்பவரிடம் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். அவர் வாயால் சொன்னதை அன்று மாலையே நாம் எழுதி அனுப்ப வேண்டும்: “சாவி இன்ன தேதியில் தருவதாக இன்று கூறினீர்கள். மாறுபாடு இருப்பின் இரண்டு நாளில் தெரிவிக்கவும்.” அவருடைய கையொப்பத்திற்கு இஃது ஈடாகாது; ஆனால் “நான் சொல்லவேயில்லை” என்பதற்கு இடம் வைக்காது. அதுவரை, முடியாத வேலைக்கு உரிய தவணையை முன்கூட்டிக் கொடுத்துவிடலாகாது. வேலைக்கு முந்திய பணம் கைமாறியபின் எழுதப்படும் கடிதத்திற்குப் பலம் குறைவு.

ஏப்ரல் 15ஆம் தேதி காலை அன்பர் தம் தாயாரைப் புது வீட்டிற்கு அழைத்து வந்தார். பால் காய்ச்சிய அன்று காண்டிராக்டரும் தம் மனைவியோடு வந்து உணவருந்திச் சென்றதாக நமக்கு எழுதியிருக்கிறார்.