சோறு தானாகக் கள்ளாகாது

போன மாதம் பழைய சோற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் ஃபோன் செய்தார். "பழைய சோத்தை ரெண்டு நாள் கூட வச்சா அதுவே கள்ளாயிடும் சார். ஜப்பான்காரன் சாக்கேன்னு விக்கிறது அதைத்தான்" என்றார். இதே கருத்தை வேறு பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது சரியில்லை என்பதே என் எண்ணம். ஏன் சரியில்லை என்று பார்த்தால், நாம் எதைத் தொலைத்தோம் என்பதும் தெரியும்.

அரிசி என்பது மாவுச்சத்து. திராட்சையிலும் பதநீரிலும் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட் வந்து விழுந்தால் போதும், அதுவே கள்ளாகிவிடும். ஆனால் ஈஸ்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது. முதலில் யாராவது அதை உடைத்துச் சர்க்கரையாக்கித் தரவேண்டும். பழைய சோற்றில் அந்த ஆள் இல்லை. அங்கே பெருகுபவை தயிரில் இருப்பது போன்ற புளிப்பு பாக்டீரியாக்கள். எனவே இன்னும் இரண்டு நாள் வைத்தால் சோறு மேலும் புளிக்கும், பிறகு ஊசிப்போகும். உறை ஊற்றாமல் பால் தயிராகாது இல்லையா? அதுபோல அரிசிக்கும் ஓர் உறை வேண்டும்.

ஜப்பானில் அந்த உறைக்குக் கோஜி என்று பெயர். ஆவியில் வெந்த அரிசியின் மேல் ஒருவகைப் பூசணத்தை இரண்டு நாள் வளர்த்து எடுப்பது அது. பருக்கை முழுவதும் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருக்கும். அந்தப் பூசணம் சுரக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. கோஜியின் வேலை அவ்வளவுதான். போதை தருவது அதற்குப் பின்னால் வரும் ஈஸ்ட். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழைந்த சோற்றுக் கஞ்சியில் கோஜியைக் கலந்து, 55 முதல் 60 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் ஹாட்பேக்கில் வைத்தால் போதும். அந்தச் சூட்டில் ஈஸ்டால் வேலை செய்ய முடியாது, நொதி மட்டும் வேலை செய்யும். சர்க்கரையே போடாமல் கஞ்சி பாயசம்போல் இனிக்கும். ஜப்பானியர் இதை அமசாக்கே என்பார்கள். இதில் போதை இல்லை, குழந்தைகளும் குடிக்கலாம்.

கொரியாவில் உறை வேறு மாதிரி. மகன் சுவோன் நகரில் வேலை பார்த்தபோது நாங்கள் மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தோம். கீழ்வீட்டுப் பாட்டியம்மா கலங்கலான மக்கொல்லி செய்வதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அவர் உறையாகப் போட்டது நூருக் என்ற வட்ட அடை. உடைத்த கோதுமையை லேசாக ஈரப்படுத்தி, அச்சில் மிதித்து இறுக்கி, வைக்கோலில் சில வாரம் வைத்துவிடுவார்களாம். காற்றில் இருக்கும் பூசணமும் ஈஸ்டும் தாமாக வந்து அதன்மேல் பூக்கும். கோஜியில் பூசணம் மட்டும்தான். நூருக்கில் மாவை உடைப்பவர், கள்ளாக்குபவர் இருவரும் ஒரே அடையில் குடியிருக்கிறார்கள்.

ஒரு கிலோ அரிசியைத் தண்ணீர் தெளியும் வரை கழுவி, மூன்று மணி நேரம் ஊறவைத்தார். ஒரு மணி நேரம் நன்றாக வடியவிட்டார். வடித்த சோறாக இல்லாமல் ஆவியில் முக்கால் மணி நேரம் வேகவைத்தார். பருக்கை வெளியே விறைப்பாகவும் உள்ளே வெந்தும் இருக்கவேண்டும், குழைந்துவிட்டால் சீக்கிரம் புளிக்கும் என்றார். தட்டில் பரப்பிக் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, 200 கிராம் நூருக் தூளும், கொதித்து ஆறிய ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவில்லை. வாயில் துணிதான் கட்டினார். இறுக்கி மூடினால் வாயு வெளியேற வழியிருக்காது.

மறுநாள் பார்த்தால் அரிசி தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் கட்டியாக இருந்தது. முதல் மூன்று நாள் காலையும் மாலையும் கிளறிவிட்டார். இரண்டாம் நாள் இரவு ஜாடியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுவது போன்ற சத்தம். ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகிறது, அதே ஜாடியில் மறுபக்கம் சர்க்கரை கள்ளாகிறது. சர்க்கரை சேரச் சேர ஈஸ்ட் தின்றுவிடுவதால் இனிப்பு ஒரேயடியாக ஏறி ஈஸ்டை முடக்குவதில்லை. அரிசிக் கள்ளில் நல்ல வீரியம் ஏற இதுவே காரணம். எட்டாம் நாள் சத்தம் ஓய்ந்தது. பருக்கைகள் அடியில் இறங்கின, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நின்றது. துணிப்பையில் ஊற்றிப் பிழிந்தபோது இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கிடைத்தது. அந்த நிலையில் அது 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். ஏறக்குறைய சம அளவு தண்ணீர் கலந்து 6, 7 சதவீதமாக்கியபின்தான் பரிமாறுவார்கள்.

கெட்டதை எப்படி அறிவது என்றும் கேட்டுக்கொண்டேன். கருப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தக்கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும். நெயில் பாலிஷ் வாடையோ காடி வாடையோ வந்தாலும் அதே கதிதான். பாட்டிலில் ஊற்றியபின்னும் நொதித்தல் நிற்காது. எனவே ஃப்ரிட்ஜில் வைத்து, மூடியைத் தளர்த்தி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குளிர்ச்சியாக, அடியில் தங்கிய மண்டியை மெல்லக் கலக்கி, அகலக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். மழை நாளில் வெங்காயத்தாள் போட்ட அடையோடு சாப்பிடுவது அங்கே வழக்கம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் செய்யும் முறை வரிசையாக வருகிறது. குற்றாத கொழியல் அரிசியைக் களிபோல் துழாவிச் சமைத்து, அகலமான தட்டில் ஆற்றி, ஒரு நல்ல அடையைச் சேர்த்துக் கலந்து, இனிப்பு ஏறும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, ஜாடியில் முற்றியதை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். ஆறவைப்பது, அடை சேர்ப்பது, ஜாடியில் வைப்பது, பிழிவது எல்லாமே பாட்டியம்மா செய்ததுதான்.

அந்த அடை என்ன என்பதுதான் கேள்வி. முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்தது என்கின்றன உரைகள். முளைத்த தானியமும் மாவை உடைக்கும், பீருக்குப் பார்லி முளை அப்படித்தான் பயன்படுகிறது. ஆனால் நெல் முளைக்குப் பார்லி முளையின் வலு கிடையாது. புலவர் அந்த அடையின் மேற்புறத்தைப் புற்றுக்குள் கறையான் கட்டும் புற்றாஞ்சோற்றுக்கு ஒப்பிடுகிறார். புற்றாஞ்சோறு கறையான் பூசணம் வளர்க்கும் தோட்டம். ஈரமான முளைநெல் அடையைச் சில நாள் வைத்திருந்தால் நம் ஊர் வெக்கையில் அதன்மேல் பூசணம் பூக்காமல் இருக்காது. ஆக, முளையும் பூசணமும் சேர்ந்த ஓர் உறை அது என்றே நான் நினைக்கிறேன். உரைகாரரை மறுப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்ன அடைக்கு மேலே பூத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டே நாள் ஏன் என்பதற்கும் விடை இருக்கிறது. இந்தக் கள் 20 முதல் 25 டிகிரியில் நிதானமாக விளையும். 30ஐத் தாண்டினால் புளிப்பு பாக்டீரியா முந்திவிடும். நொதிக்கும்போது ஜாடியே சூடேறும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். தொண்டை நாட்டு வெயிலில் இரண்டு நாளுக்குமேல் வைத்திருந்தால் காடியாகியிருக்கும். அதனால் வலைஞர் குடித்தது வீரியம் குறைந்த, இனிப்பான கலங்கலாகத்தான் இருந்திருக்கும். எங்கள் ஏற்காட்டில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், அதே ஜாடி ஒரு வாரத்துக்கு மேல் நிதானமாக விளையும்.

விளையும் என்று சொல்லலாமே தவிர, செய்துபார்க்க முடியாது. சட்டம் இடம் தராது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி பிரதமராக இருந்தபோது. குடியால் சீரழிந்த குடும்பங்களை நேரில் பார்த்தவர் அவர். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் வீட்டில் ஒரு ஜாடி அரிசிக் கள் வைப்பது குற்றம். 2003 முதல் பாட்டில் சாராயத்தை விற்பதோ அரசு நிறுவனமே. 40 சதவீதத்துக்கு மேல் இருப்பது கடையில் கிடைக்கும், 6 சதவீதம் இருப்பதை வீட்டில் செய்யக்கூடாது.

கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2024 ஜூனில் அங்கே 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். அது வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த தொழிற்சாலை ரசாயனம். காய்ச்சி வடிக்காத, வெறும் அரிசியைப் புளிக்கவைத்த கள்ளில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. அரிசிக் கள் கெட்டால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும், மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது சரியில்லை. அரிசிக் கள்ளும் போதைதான், அளவு மீறினால் குடியைக் கெடுக்கும். அதையும் மறுக்கவில்லை.

கொரியாவிலும் ஜப்பானியர் ஆட்சியில் மதுவரிச் சட்டம் கொண்டுவந்து வீட்டுக் கள்ளைத் தடுத்தார்கள். வீட்டுக்கு வீடு இருந்த கைமணம் அழிந்தது. 1995இல்தான் வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை மறுபடி அனுமதித்தார்கள். பாட்டியம்மா போன்றவர்கள் மிச்சமிருந்ததால் கொஞ்சமாவது மீண்டது. அசாமில் திமாசா மக்களின் ஜூதிமா என்ற அரிசிக் கள் 2021இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அதற்கு உறையில் காட்டுத் தாவரம் ஒன்றின் பட்டையைச் சேர்க்கிறார்கள்.

நான் கேட்பது இன்னொரு கடை இல்லை. விற்பனைக்கு அல்லாமல் வீட்டு உபயோகத்துக்கு, அளவு குறிப்பிட்டு, காய்ச்சி வடிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு விலக்கு. அது பெரிய கோரிக்கை என்றால், வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றிலாவது உரிமம் கொடுத்து முளைநெல் அடையைச் செய்துபார்க்கச் சொல்லலாம். அதன்மேல் எது பூக்கிறது, இரண்டு நாளில் எவ்வளவு இனிக்கிறது, எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து சொல்லட்டும். செய்முறையைப் பாட்டில் வைத்திருக்கிறோம். செய்யத் தெரிந்த கைதான் நம்மிடம் இல்லை.