குற்றம் நாக்கிலை இல்லை

"தமிழன்ரை நாக்கு தடிச்ச நாக்கு, அதாலைதான் ஆங்கிலம் வராது" எண்ட கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. ஆங்கில உச்சரிப்பு என்றால் எல்லாரும் முதலில் நாக்கிலைதான் கை வைக்கிறார்கள். 'ட' போடாதே, நாக்கை மடிக்காதே, மெதுவாகச் சொல்லு. ரியூற்றரி வகுப்பில் அரைவாசி நேரம் இதிலேயே போகுது. நேர்முகத் தேர்வுக்கோ ஐஈஎல்ரிஎஸ் பேச்சுப் பரீட்சைக்கோ போகிற பிள்ளை நாக்கைப் பற்றிய பயத்தோடை போகுது. கேட்கிற ஆளுக்கு உண்மையில் எது விளங்காமல் போகிறது எண்டு மட்டும் அதுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த வரிசையே பிழை எண்டுதான் நாங்கள் சொல்ல வாறம்.

முதலில் அந்த நாக்கையே விசாரிப்பம். ஆங்கில 'ரி' ஒலிக்கு நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால், முரசு மேடாக இருக்கிற இடத்தில் படும். எங்கள் 'ட்'டுக்கு நுனி இன்னும் பின்னால் வளைந்து அண்ணத்தில் படும். வித்தியாசம் இவ்வளவுதான். இப்ப பத்து, பட்டு, பற்று எண்டு மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. கரவெட்டியிலை வளர்ந்த வாய்க்கு இவை மூன்றும் மூன்று இடம். பத்துக்குப் பல், பட்டுக்கு அண்ணம், பற்றுக்கு நடுவில் அந்த முரசு மேடு. தமிழ்நாட்டுப் பேச்சில் 'நேற்று' பெரும்பாலும் 'நேத்து' ஆகிவிட்டது. எங்கடை 'நேற்று'வில் அந்த நடு ஒலி அப்படியே இருக்கு. ஆங்கிலத்துக்கு வேண்டியதும் அதே இடம்தான். 'குற்றம்' எண்ட சொல்லுக்குள்ளேயே அது கிடக்குது.

எங்கடை எழுத்தும் இதுக்குச் சாட்சி. தமிழ்நாட்டில் டிக்கெட், டயர், டார்ச் எண்டு எழுதுவதை நாங்கள் ரிக்கெற், ரயர், ரோச் எண்டு எழுதுகிறம். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எழுதினவர்கள் தங்கள் காதுக்குக் கேட்டதைத்தான் எழுதினார்கள். 'டொக்டர்', 'டோர்' போன்ற சொற்களின் தொடக்கத்தில் நாக்கு மடியுது, உண்மைதான். அதுக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கு. 'என்ரை' எண்டு சொல்லும்போது 'ன்ர' வருகிற இடத்தைக் கவனியுங்கோ. 'என்ரை, என்ரை' எண்டு சொல்லி, நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு 'டோர்' சொல்லுங்கோ. இந்திய யூரியூப் வகுப்புகள் இதைச் சொல்லித் தராததுக்குக் காரணம் இருக்கு. அவை எங்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அடுத்த கேள்வி, நாக்கு மடிவதால் ஆருக்காவது விளங்காமல் போகிறதா? ஜெனிபர் ஜென்கின்ஸ் என்ற பிரித்தானிய மொழியியலாளர், வெவ்வேறு தாய்மொழிக்காரர் ஆங்கிலத்தில் கதைக்கும்போது எந்த ஒலிகளால் விளக்கம் முறியுது எண்டு ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். விளங்குவதற்குக் கட்டாயம் தேவையானவை எண்டு அவர் ஒரு சிறு பட்டியல் போட்டார். சொல்லின் தொடக்கத்தில் 'ப', 'ர', 'க' ஒலிகளோடை வெளிவரும் மூச்சு அதில் இருக்கு.

எங்களுக்கு இடறுவது இந்த மூச்சுத்தான். தமிழில் 'பல்', 'கல்' சொல்லும்போது வாயிலிருந்து காற்று பெரிதாக வருவதில்லை. அதே மாதிரி 'கோட்' எண்டு நீங்கள் மேலங்கியைச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு ஆடு கேட்கலாம். 'ரென்' எண்டு பத்தைச் சொன்னால் குகை கேட்கலாம். பரிசோதனை இலகு. மெல்லிய கடதாசித் துண்டொன்றை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து 'பென்' சொல்லுங்கோ. கடதாசி ஆட வேணும். 'ஸ்பூன்' சொல்லும்போது ஆடக் கூடாது, ஏனென்றால் 'ஸ்' முன்னால் வந்தால் ஆங்கிலேயரும் அந்த மூச்சை விடுவதில்லை.

இனி நடைக்கு வருவம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதன் பங்கு கிடைக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீளும், மற்றவை சுருங்கும். கென்னத் பைக் 1945இல் இதை இரண்டு வகைத் தாளமாகப் பிரித்தார். 1982இல் பீற்றர் ரோச் அளந்து பார்த்தபோது அப்படி மணிக்கூடு மாதிரிச் சமமான தாளம் எந்த மொழியிலும் அகப்படவில்லை. ஆகவே தாளத்தைத் துரத்த வேண்டாம். நீளத்தையும் சுருக்கத்தையும் பிடித்தால் காணும்.

ஒரு வசனத்தை எடுப்பம். தொலைபேசியில் ஒருவர் 'திங்கள் வர ஏலுமோ?' எண்டு ஆங்கிலத்தில் கேட்கிறார். 'ஏலும்' எண்டு சொல்ல நினைத்து நாங்கள் 'ஐ-கான்-கம்-ஒன்-மண்-டே' எண்டு ஆறு அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறம். ஆங்கிலத்தில் 'ஏலும்' எண்ட 'கான்' கிட்டத்தட்ட 'க்ன்' ஆகச் சுருங்கிவிடும். அது முழு உயிரோடை கேட்டால் 'ஏலாது' எண்ட 'கான்ற்' தான் ஞாபகம் வரும், ஏனென்றால் அதன் கடைசி 'ற்' வேகப் பேச்சில் எப்படியும் அமுங்கிவிடும். நாங்கள் 'வாறன்' எண்டு சொல்ல, அவர் 'வர ஏலாது' எண்டு எழுதி வைக்கிறார். நாக்கு மடிந்ததா இல்லையா எண்டதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சரிப்படுத்தும் வழி இது. வசனத்தில் சேதி சொல்லும் இரண்டு சொல்லை எடுங்கோ, இங்கே 'கம்', 'மண்டே'. அவற்றை மட்டும் கைதட்டிச் சொல்லுங்கோ. பிறகு தட்டின் இடைவெளியை மாற்றாமல் மற்றச் சொற்களை இடையில் செருகுங்கோ. சுருங்கும் உயிர் எப்படி ஒலிக்கும் எண்டு தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த குற்றியலுகரத்தை நினையுங்கோ. 'பத்து'வின் கடைசியில் அரை மாத்திரையில் மங்கிப் போகிற அந்த உகரம் மாதிரித்தான். இரண்டு பிழை வரும். ஒன்று, எல்லாத்தையும் வேகமாக ஓட்டுவது. மற்றது, அழுத்தம் எண்டு கத்துவது. வேண்டியது நீளம், சத்தம் அல்ல. வசனத்தை ஃபோனில் பதிந்து, அதைப் பார்க்காத ஒரு சிநேகிதருக்குப் போட்டுக் காட்டி 'ஏலுமா, ஏலாதா?' எண்டு கேளுங்கோ. அவர் தடுமாறினால் இன்னும் சுருக்க வேணும்.

தனிச் சொல்லுக்கும் இதே கதைதான். 'டிவெலப்' எண்டதில் நாங்கள் முதல் அசையைத் தூக்குகிறம், ஆனால் நீள வேண்டியது நடுவில் உள்ள 'வெ'. அகராதியில் எந்த அசைக்கு முன்னால் மேலே சிறு கோடு நிற்குதோ அதுதான் நீளும்.

இதிலும் ஓர் எல்லை இருக்கு. இப்படிச் சுருக்குவது கட்டாயம் எண்டு ஜென்கின்ஸ் சொல்லவில்லை. சிங்களச் சக ஊழியரோடையோ டெல்லிக்காரரோடையோ கதைக்கும்போது முழு உயிரோடை சொன்னால் இன்னும் நல்லாய் விளங்கவும் கூடும். சுருக்கம் தேவைப்படுவது லண்டன், ரொறன்ரோக் காதுக்குத்தான். ஆகவே காதைப் பார்த்து நடையை மாற்றுங்கோ. ஐஈஎல்ரிஎஸ் பேச்சுப் பரீட்சையில் உச்சரிப்பு நாலில் ஒரு பங்கு மதிப்பெண். அங்கேயும் பார்ப்பது விளங்குதா எண்டதைத்தான், நீங்கள் ஆங்கிலேயர் மாதிரிக் கேட்கிறீங்களா எண்டதை அல்ல.

எனவே உச்சரிப்புச் சொல்லித் தருகிறவர்களுக்கு எங்கடை கோரிக்கை ஒன்றுதான். வரிசையை மாற்றுங்கோ. முதலில் அழுத்தமும் நீளமும், அடுத்து மூச்சு, கடைசியில் நேரம் மிஞ்சினால் நாக்கு. அந்த நாக்குக்கும் 'நேற்று', 'என்ரை' எண்ட இரண்டு சொல் போதும்.