கேஸ் கட்டிங் டார்ச்சில் தீ பின்னோக்கிப் பாய்வது ஏன்? ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் எப்படித் தடுக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் கார், லாரி தொழிற்சாலைகளைச் சுற்றி ஏராளமான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இயங்குகின்றன. இரும்புத் தகட்டை வெட்ட அங்கே ஆக்சிஜனும் அசிட்டிலினும் பயன்படுகின்றன. டார்ச் முனையில் எரிய வேண்டிய தீ சில நேரம் ஹோஸுக்குள் புகுந்து சிலிண்டரை நோக்கி ஓடும். இதுதான் ஃப்ளாஷ்பேக்.

தீ ஏன் திரும்புகிறது?

கேஸ் வெளியே வரும் வேகம், தீ பரவும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை சுடர் நாசில் முனையிலேயே நிற்கும். வேகம் குறைந்தால் தீ உள்ளே நுழையும். 'டப்' என்ற சத்தத்துடன் டார்ச்சிலேயே அணைந்துவிட்டால் அது பேக்ஃபயர்.

ஹோஸுக்குள் இரண்டு கேஸும் ஏற்கெனவே கலந்திருந்தால்தான் பெரிய ஆபத்து. உதாரணமாக, ஆக்சிஜன் 3 பார், அசிட்டிலின் 0.4 பார் அழுத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருகிய இரும்பு தெறித்து நாசில் அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத ஆக்சிஜன், அழுத்தம் குறைந்த சிவப்பு ஹோஸுக்குள் பின்னோக்கிப் போகும். அதைக் கவனிக்காமல் மறுபடி பற்றவைத்தால், தீ அந்தக் கலவைக்குள் வினாடிக்கு 2,000 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில்கூடப் பாயலாம். ஹோஸ் வெடிக்கும்.

தீ அசிட்டிலின் சிலிண்டரை எட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஆக்சிஜன் இல்லாமலேயே அசிட்டிலின் சிதைந்து வெப்பத்தை வெளியிடும். சிலிண்டர் மெல்லச் சூடாகி, பிறகு வெடிக்கலாம்.

அரெஸ்டர் என்ன செய்கிறது?

உள்ளே நுண்ணிய துளைகள் கொண்ட உலோக வடிகட்டி இருக்கும். கேஸ் அதன் வழியே போகும், தீ போகாது. துளைச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் தீ அணைந்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய சுரங்க விளக்கின் கம்பி வலையும் இதே தத்துவம்தான்.

கூடவே, கேஸ் பின்னோக்கி வராமல் ஒரு வால்வு தடுக்கும். அரெஸ்டர் சூடானால் இன்னொரு வால்வு சப்ளையையே நிறுத்திவிடும்.

'என்.ஆர்.வி. போதுமே' என்பது சரியா?

போதாது. என்.ஆர்.வி. கேஸ் திரும்புவதைத் தடுக்கும். பாயும் தீயை அணைக்காது. அதனால் இரண்டு ரெகுலேட்டர்களிலும் அரெஸ்டர் தேவை. ஆனால் ஹோஸில் ஓட்டை விழுந்து வெளியே பற்றும் தீயை அரெஸ்டராலும் தடுக்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சுடர் திடீரென மறைந்து, டார்ச்சுக்குள் 'கீச்' என்று சத்தம் வந்தால், கைப்பிடி சூடானால், தீ உள்ளே எரிகிறது என்று அர்த்தம். முதலில் டார்ச்சின் ஆக்சிஜன் வால்வையும், அடுத்து அசிட்டிலின் வால்வையும் மூட வேண்டும். பிறகு சிலிண்டர் வால்வுகள். சிலிண்டர் சூடாக இருந்தால் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அரெஸ்டர் அடைத்துக்கொண்டு கேஸ் வரவில்லை என்றால், 'தொந்தரவு' என்று அதைக் கழற்றிப் போடுவதுதான் பெரிய தவறு. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. நாசில் அடைப்பா, அழுத்தம் தவறா என்று பார்த்துச் சரிசெய்து, அரெஸ்டரைச் சோதித்த பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.