ரெண்டு ஜேரும் ஒரு குட்டி நூனும்

மக்களே, இது கொஞ்சம் ஓதல் சம்பந்தமான பதிவு. ஓதாதவங்களும் படிக்கலாம், விஷயம் எழுத்தும் ஒலியும்தான்.

எங்க வாலிகண்டபுரம் பக்கம் பல வீட்டுல இப்ப ரெண்டு வகை குர்ஆன் பிரதி இருக்கு. ஒண்ணு மதரஸாவுல நாம ஓதிப் பழகின இந்திய அச்சு. இன்னொண்ணு ஹஜ்ஜுக்குப் போனவங்களும் வளைகுடாவுல வேலை பார்த்தவங்களும் கொண்டுவந்த மதீனா அச்சு. 1984-ல் திறந்த மன்னர் ஃபஹது அச்சகத்துல வர்றது. ரெண்டுலயும் ஓதல் ஒண்ணுதான். குறி போடுற முறைதான் வேற. ஆனா வீட்டுல என்ன நடக்குது? "நீங்க ஓதுற 'நூன்' என் பிரதியில இல்லையே"ன்னு பேரன் பெரியவங்களைத் திருத்துறான்!

'அல்ஹுமஸா' என்கிற 104-ஆவது அத்தியாயத்தோட முதல் ரெண்டு வசனத்தை எடுத்துக்குவோம். பலருக்கும் மனப்பாடம்தான்.

ரெண்டு ஜபர், ரெண்டு ஜேர், ரெண்டு பேஷ் போட்டா தன்வீன். எழுத்துல நூன் கிடையாது, வாயில மட்டும் 'ன்' வரும். முதல் வசனத்துல இது மூணு தடவை வருது. முதல் ரெண்டுக்கும் அடுத்த எழுத்து 'லாம்'. அதனால அந்த 'ன்' லாமுக்குள்ள கரைஞ்சிடும். 'வைலுன்' என்பது 'வைலுல்' ஆகும், 'ஹுமஸதின்' என்பது 'ஹுமஸதில்' ஆகும். மதீனா அச்சுல இதுக்கு ஒரு அடையாளம் உண்டு. ரெண்டு கோடும் நேருக்கு நேரா இல்லாம ஒண்ணு கொஞ்சம் விலகி நிக்கும். விலகி இருந்தா 'ன்' தெளிவா வராதுன்னு அர்த்தம். இந்திய அச்சுல கோடு எப்பவும் ஒரே மாதிரிதான், அடுத்த எழுத்து மேல இருக்கிற ஷத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்.

மூணாவது தன்வீன் வசனக் கடைசியில. இங்கதான் சிக்கல். நிறுத்தினா 'லுமஸஹ்'. தன்வீனும் போச்சு, 'த'வும் 'ஹ்' ஆயிடுச்சு. நிறுத்தாம அடுத்த வசனத்தோட சேர்த்து ஓதினா 'லுமஸதினில்லதீ'. நடுவுல 'னி'ன்னு ஒரு ஜேர் வந்து ஒட்டுது. ஏன்னா 'அல்லதீ'யோட முதல் அலிஃப் சேர்த்து ஓதும்போது மறைஞ்சிடும், அப்புறம் ரெண்டு சுகூன் முட்டிக்கும். இந்திய அச்சுல இதுக்காகவே ரெண்டாவது வசனத் தொடக்கத்துல ஒரு குட்டி நூன் போட்டிருப்பாங்க. மதீனா அச்சுல அது கிடையாது, ஓதுறவருக்குத் தெரியும்னு விட்டுடுவாங்க. பேரன் தேடினது இந்த நூனைத்தான்.

குட்டி நூன் இருக்கிறதாலயும் ஒரு தப்பு வருது. பிள்ளை 'லுமஸஹ்'னு நிறுத்தி மூச்சு விட்டுட்டு, அடுத்து 'நில்லதீ'ன்னு ஆரம்பிக்கும். அது தப்பு. மூச்சு விட்டாச்சுன்னா அந்த நூனுக்கு வேலையே இல்ல, 'அல்லதீ'ன்னுதான் தொடங்கணும்.

ரெண்டாவது வசனத்துல 'மாலன்' என்ற சொல்லுக்கு அடுத்து 'வ' வருது. 'மாலவ்வ'ன்னு மூக்கொலியோட சேரும். வசனக் கடைசி எழுத்து 'ஹு'. இந்திய அச்சுல அதுக்குத் தலைகீழ் பேஷ், மதீனா அச்சுல பேஷும் பக்கத்துல ஒரு குட்டி வாவும். ரெண்டும் சொல்றது ஒண்ணுதான்: சேர்த்து ஓதினா 'ஹூ'ன்னு நீட்டு. நிறுத்தினா நீட்டலும் இல்ல, உகரமும் இல்ல, 'அத்ததஹ்' அவ்வளவுதான். ஆனா எல்லாக் குட்டிக் குறியும் இப்படி மறையாது. 'ரஹ்மான்' என்ற சொல்லுல மீம் மேல நிக்கிற ஜபர் நிறுத்தினாலும் நீளும். 'அல்லாஹ்' என்ற சொல்லுக்கு இந்திய அச்சுல நிக்கிற ஜபர் இருக்கும், மதீனா அச்சுல சாதா ஜபர்தான், ஆனா நீட்டித்தான் ஓதணும்.

அப்ப என் கட்சி என்ன? ஓதத் தொடங்குற பிள்ளைக்கு இந்திய அச்சே போதும். குட்டி நூனும் தலைகீழ் பேஷும் கண்ணுல படுற மாதிரி இருக்கு. 'மதீனா பிரதிதான் ஒஸ்தி'ன்னு பழைய பிரதியைப் பரண்ல ஏத்தாதீங்க. ஓதி முடிச்சவங்களுக்கு மதீனா அச்சு நல்லது, விலகின தன்வீன் ரொம்ப உதவும்.

என் கோபமெல்லாம் தமிழ் எழுத்துல அரபியை அச்சடிக்கிற சின்னப் புத்தகங்கள் மேலதான். அரபி எழுத்து தெரியாத எத்தனையோ பெண்கள் அதை வச்சுத்தான் ஓதுறாங்க. அரபி அச்சு எப்பவும் சேர்த்து ஓதுற உருவத்தைத்தான் காட்டும், நிறுத்தும்போது மாத்திக்கிறது ஓதுறவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சொல்லாம 'லுமஸதின்'னு தமிழ்ல போட்டுட்டு வசன எண்ணையும் போட்டா, பாவம் அவங்க 'ன்'ல நிறுத்தத்தானே செய்வாங்க? வசனக் கடைசியில நிறுத்தும் உருவம், அடைப்புக்குள்ள சேர்க்கும் உருவம்னு ரெண்டையும் போடலாம். வரிக்கு அரை அங்குலம் கூட ஆகும், அவ்வளவுதான்.

உங்க ஊர் புத்தகத்துல எப்படிப் போட்டிருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.