எல்லாம் தடித்தால் எது முதன்மை?

பேசும்பொழுது நாம் ஒரு சொல்லை அழுத்திச் சொல்கிறோம். குரலைச் சற்று உயர்த்துகிறோம். சிறிது நிறுத்தித் தொடர்கிறோம். எழுத்துக்குக் குரல் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே அச்சுக்கலை தடித்த எழுத்தையும் அடிக்கோட்டையும் வண்ணத்தையும் நமக்குத் தந்தது. ஆனால், இன்று நம் கண்ணில் படும் அறிவிப்புகளிலும் துண்டறிக்கைகளிலும் மாணவர்தம் குறிப்பேடுகளிலும் இவை அளவின்றிப் பெருகிவிட்டன. பக்கம் முழுவதும் அழுத்தம் இருக்கிறது. அழுத்தப்பட்ட கருத்து எது என்பதுமட்டும் தெரிவதில்லை. இதனை அழகுணர்ச்சியின் குறைபாடாக நான் கருதவில்லை. எது முதன்மையானது என்று முடிவுசெய்ய வேண்டிய பொறுப்பை எழுதுபவர் தட்டிக்கழித்துப் படிப்பவர் தலையில் சுமத்துவதன் அடையாளம் அது.

அழுத்தம் என்பது ஓர் எழுத்துக்குள் இருக்கும் பண்பன்று. அதற்கும் அதனைச் சூழ்ந்த எழுத்துகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு. தடித்த ஒரு தொடரைச் சுற்றி இருபது தொடர்கள் இயல்பான எழுத்தில் இருந்தால் கண் அங்கே நிற்கும். அந்த இருபதில் பதினைந்தையும் தடித்த எழுத்தாக்கினால், எஞ்சிய ஐந்து மெல்லிய தொடர்களே வேறுபட்டுத் தெரியும். 1933ஆம் ஆண்டில் செருமானிய உளவியலாளர் ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் நினைவாற்றல் பற்றிய தம் ஆய்வில் இவ்வுண்மையை வெளிப்படுத்தினார். ஒரே வகையான பல உருப்படிகளுக்கு இடையே வேறு வகையான ஒன்றைத் தனித்து வைத்தால், அந்த ஒன்று நினைவில் நன்கு தங்குகிறது. அதன் வலிமை தனிமையில் இருக்கிறது. தனிமையை இழந்தால் வலிமையையும் இழக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கருத்தன்று என்பதை நம் பகுதியின் அண்மை நிகழ்வு ஒன்றைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். 2022 ஜூலை மாதத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவின. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது; பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாள் மூடப்பட்டன. காய்ச்சிய நீரைப் பருகுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். அத்தகைய ஒரு சூழலில், அம்பகரத்தூர்த் தெரு ஒன்றில் ஒட்டுவதற்காக ஓர் அறிவிப்பு எழுத வேண்டியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறைப் பயிற்சிக்காக நான் அமைத்த முதல் வரைவு இது:

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! மழை காரணமாகக் குடிநீர்க் குழாய்களில் கசிவு ஏற்பட்டுள்ளது! சீரமைப்புப் பணி நடைபெற்று வருகிறது! குடிநீரைக் காய்ச்சிப் பருகவும்! கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்! சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்கவும்! வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்! ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்!

எட்டுத் தொடர்கள், எட்டு வியப்புக்குறிகள். இவை அனைத்தும் தடித்த எழுத்தில் அச்சாகி, முதல் தொடரும் இரண்டாம் தொடரும் இறுதித் தொடரும் சிவப்பு நிறத்தில் அடிக்கோடு பெற்றுள்ளன என்று மனத்தில் காண்க. இதில் பிழையான செய்தி ஒன்றுமில்லை. ஆயினும், இடுப்பில் குடத்துடன் அவ்வழியே செல்லும் ஒருவர் இதனைப் பார்ப்பது சில நொடிகளே. அந்நொடிகளில் அவர் கண்ணில் படுவன கவனத்திற்கான அழைப்பும் ஒத்துழைப்புக்கான வேண்டுகோளுமே. அவர் உயிரைக் காக்கும் தொடரோ நான்காவதாக நடுவில் புதைந்து கிடக்கிறது. குடத்தில் உள்ள நீரை அவர் காய்ச்சாமல் குடிக்கக்கூடும். தம் குழந்தைக்கும் கொடுக்கக்கூடும்.

இதனைத் திருத்தும்போது முதலில் எழுதுகோலைக் கையில் எடுத்தல் கூடாது. ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: இதைப் படிப்பவர் ஒரே ஒரு தொடரைத்தான் நினைவில் கொள்வார் என்றால், அது எதுவாக இருக்க வேண்டும்? விடை நான்காம் தொடர். அதனை முதலில் வைத்து, அதற்குமட்டும் தடித்த எழுத்தைத் தந்து, ஏனையவற்றை இயல்பான எழுத்தில் அமைத்தால் அறிவிப்பு இவ்வாறு மாறும்:

காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகுங்கள்.

நீர் நன்கு கொதித்து வந்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

உண்பதற்கு முன்னும் கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழாய்க் கசிவைச் சீரமைக்கும் பணி நடைபெறுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நோய் ஏற்கெனவே தொடங்கிய வீட்டாருக்கு மருத்துவம் பற்றிய தொடர்தானே முதன்மையானது? அதனையும் தடித்த எழுத்தாக்கினால் என்ன? இது நியாயமான வினா. தடித்த எழுத்து ஒன்றே அழுத்தத்திற்கான வழி என்று எண்ணுவதால்தான் இவ்வையம் தோன்றுகிறது. இடமும் ஓர் அழுத்தமே. வெற்றிடமும் ஓர் அழுத்தமே. மருத்துவம் பற்றிய தொடர் தனிப்பத்தியாக, மேலும் கீழும் இடைவெளி பெற்று நிற்கிறது. தேடி வருபவர் அதனை எளிதில் காண்பார். அதேவேளையில், தெருவில் செல்லும் அனைவருக்கும் உரிய தொடரின் தனிமையும் கெடவில்லை.

திருத்திய தொடரில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ‘நீரைப் பருகுங்கள்’ என்னாது ‘நீரையே பருகுங்கள்’ என்றோம். நன்னூலார் ஏகார இடைச்சொல்லுக்குக் கூறும் ஆறு பொருள்களுள் பிரிநிலையும் ஒன்று. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது அது. குழாய் நீர், கிணற்று நீர், வடிகட்டிய நீர் ஆகிய அனைத்தையும் விலக்கி, காய்ச்சிய நீரை அந்த ஓர் எழுத்து பிரித்து நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை முழுவதும் பெரிய எழுத்துகளால் எழுதி அழுத்தம் தருவர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லை. அது நமக்குக் குறையுமன்று. ஏகாரமும் ‘தான்’ என்னும் சொல்லும் தொடரில் சொற்கள் நிற்கும் இடமும் அப்பணியைச் செய்துவந்துள்ளன. ‘நேற்று காரைக்காலில் மழை பெய்தது’ என்பது செய்தி. ‘நேற்று மழை பெய்தது காரைக்காலில்தான்’ என்பதில் ஊர் அழுத்தம் பெறுகிறது. எழுத்தின் தடிமன் மாறவே இல்லை. ஆயினும், இவற்றுக்கும் அளவு உண்டு. ‘நீரையே நன்றாகவே காய்ச்சியே ஆறவைத்தே பருகவே வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். ஏகாரமும் தன் வலிமையை இழந்துவிடும்.

தமிழ் எழுத்தின் வடிவமும் நமக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. ண, ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் மிகுதி. சிறிய அளவில் தடிமனைக் கூட்டினால் சுழிகளின் உள்வெளி அடைபட்டுப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனை ஒளிநகல் எடுத்தால் தெளிவு மேலும் குறையும். ஆங்கிலத்திலும் முழுப் பத்தியைப் பெரிய எழுத்துகளால் அச்சிட்டால், சிறிய எழுத்துகளுக்கு உள்ள உயர வேறுபாடு மறைந்து, படிக்கும் வேகம் குறைகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மைல்ஸ் டிங்கர் தம் ஆய்வுகளில் கண்டறிந்தார். உரத்துச் சொல்வதாக நினைத்து நாம் செய்வது, படிக்கவே தடையாகிவிடுகிறது.

அவ்வாறாயின் அகராதியின் ஒவ்வொரு பக்கத்திலும் பல சொற்கள் தடித்து இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே தடித்த எழுத்து அழுத்துவதற்காக வரவில்லை, தேடுவதற்காக வருகிறது. தலைச்சொல் எது, பொருள் எது என்று பிரித்துக் காட்டும் வழிகாட்டிக்கல் அது. பாடநூலின் உட்தலைப்புகளும் அத்தகையனவே. தேடுவதற்கான குறி ஒழுங்கான இடைவெளியில் பலமுறை வரலாம். அழுத்துவதற்கான குறி அரிதாகவே வர வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான மிகைகளுக்குக் காரணம்.

இனி, மாணவரின் கைப்பழக்கத்திற்கு வருவோம். ஹைலைட்டர் எனப்படும் ஒளிர்நிறப் பேனா பலரின் பையில் இருக்கிறது. படிக்கத் தொடங்கியவுடனேயே அது கோடிடவும் தொடங்கிவிடுகிறது. முதல்முறை படிக்கும்போது எல்லாமே புதியன. ஆகவே எல்லாமே முதன்மையாகத் தோன்றும். 2013ஆம் ஆண்டில் ஜான் டன்லோஸ்கியும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர்களும் பத்துக் கற்றல் முறைகளை ஆராய்ந்தனர். கோடிட்டு, வண்ணம் தீட்டிப் படிப்பதைப் பயன் குறைந்த முறைகளுள் சேர்த்தனர். தம்மைத் தாமே வினவிக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் பயில்வதையும் பயன் மிகுந்தனவாகக் கண்டனர்.

ஆதலால், பேனாவைத் திறக்காமல் பத்தியை இறுதிவரை படியுங்கள். நூலை மூடிவைத்து, அப்பத்தி கூறிய கருத்தை ஒரு தொடரில் சொல்லிப் பாருங்கள். பின்னர் நூலைத் திறந்து, அக்கருத்தைத் தாங்கும் சொற்களைமட்டும் குறியுங்கள். ஒரு பத்திக்கு ஒரு தொடருக்கு மேல் வேண்டுவதில்லை. சில பத்திகளில் ஒன்றுமே வேண்டுவதில்லை. முடிவில், குறித்த பகுதிகளைமட்டும் தொடர்ந்து படியுங்கள். பாடத்தின் சுருக்கம் கிடைத்தால் குறியீடு சரியானது. பாடமே திரும்பக் கிடைத்தால் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

தேர்வு விடைத்தாளிலும் இவ்வளவே. நெடுவினா ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதி, வரிக்கு வரி அடிக்கோடிட்ட தாள்களை நான் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அத்தகைய தாளில் கருத்தைத் தேடும் வேலை திருத்துபவருடையதாகிவிடுகிறது. பக்கத்திற்கு இரண்டு இடங்களில்மட்டும் கோடிட்ட தாளிலோ, கண் நேரே அங்குச் சென்று நிற்கிறது. எழுதியவர் வினாவைப் புரிந்துகொண்டார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அளவுகோலை எடுக்கும் முன் ஒருமுறை தாளைக் கைந்நீளத் தொலைவில் பிடித்துப் பாருங்கள். எந்தச் சொல் தனித்துத் தெரிய வேண்டும் என்பதை நீங்கள் முதலில் முடிவுசெய்யுங்கள். கோடு அதன் பின்னர் வரட்டும்.