பெருவிரல் குறியும் ஒப்பமாகும்: இலத்திரனியல் ஒப்பந்தங்களைச் சட்டம் நோக்கும் விதம்

எழுத்தறிவற்றவர் பெருவிரலை மையில் தோய்த்து உறுதியில் பதிப்பது எமது சமூகத்தில் நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கம். கையடக்கத் தொலைபேசியில் அனுப்பப்படும் உயர்த்திய பெருவிரல் படமும் அதே வலிமையைப் பெறக்கூடும் என்று கனடாவின் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அன்றாடம் கொள்முதல் பேசும் எமது வர்த்தகர்கள் இத்தீர்ப்பின் விபரங்களை அறிந்திருப்பது அவசியமாகும்.

சஸ்கச்சுவான் மாகாணத்தில் தானியக் கொள்வனவு நிறுவனம் ஒன்று, 2021 மார்ச் மாதம், ஒரு விவசாயப் பண்ணையிடமிருந்து 87 மெற்றிக் தொன் ஆளி விதையை வாங்குவதற்கான ஒப்பந்தப் பத்திரத்தைத் தயாரித்தது. விலை ஒரு புசலுக்கு 17 டொலர், விநியோகம் நவம்பரில். நிறுவனத்தின் பிரதிநிதி அப்பத்திரத்தில் கையொப்பமிட்டு, அதனைப் படம்பிடித்து, ஒப்பந்தத்தை உறுதிப்படுத்துமாறு கேட்டு விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். பதிலாக வந்தது ஓர் உயர்த்திய பெருவிரல் படம் மாத்திரமே.

நவம்பர் வந்தது, ஆளி விதை வரவில்லை. அம்மாத இறுதியில் சந்தை விலை புசலுக்கு 41 டொலரை எட்டியிருந்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. செய்தி கிடைத்தது என்பதைத் தெரிவிக்கவே பெருவிரலை அனுப்பியதாகவும், நிபந்தனைகளைத் தாம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் விவசாயி வாதிட்டார். நீதிபதி இரு தரப்பினரின் முன்னைய கொடுக்கல் வாங்கல்களைப் பரிசீலித்தார். இதற்கு முன்னரும் இதே விதமாகப் பத்திரங்கள் படமாக அனுப்பப்பட்டிருந்தன. விவசாயி 'சரி', 'ஆம்' என்ற ஒற்றைச் சொற்களால் பதிலளித்துவிட்டுத் தானியத்தையும் ஒழுங்காக வழங்கியிருந்தார். ஆகவே இம்முறை அனுப்பிய பெருவிரலும் அதே பொருளையே தரும் என 2023 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. விலை வித்தியாசமான 24 டொலரைச் சுமார் 3,425 புசல்களுக்குக் கணக்கிட்டு, ஏறத்தாழ 82,200 கனேடிய டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2024 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம் இதனை உறுதிசெய்தது.

இங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு வெவ்வேறு கேள்விகளாகும். விவசாயி உடன்பட்டாரா என்பது முதலாவது. அந்த உடன்பாடு 'கையொப்பமிடப்பட்ட எழுத்து' ஆகுமா என்பது இரண்டாவது. அம்மாகாணத்தின் பொருள் விற்பனைச் சட்டம் கையொப்பத்தைக் கோரியதாலேயே இரண்டாவது கேள்வி எழுந்தது. கையொப்பம் செய்யும் வேலை என்ன என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. அது ஆளை அடையாளங் காட்டுகின்றது. அவரது சம்மதத்தைத் தெரிவிக்கின்றது. விவசாயிக்கே உரிய தொலைபேசி இலக்கத்திலிருந்து வந்தமையால் ஆள் அடையாளமும், முன்னைய பழக்கத்தினால் சம்மதமும் நிறுவப்பட்டன. பெருவிரல் எப்போதும் ஒப்பமாகும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முன்னைய பழக்கம் எதுவும் இல்லாத இருவருக்கிடையே முடிவு வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.

இதே பிணக்கு அம்பாறையின் நெல் ஆலை உரிமையாளர் ஒருவருக்கும் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கும் இடையே ஏற்பட்டால் என்ன நிகழும்? எமது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் ஏறக்குறைய அதே நிபந்தனையை விதிக்கின்றது. பொருளின் ஒரு பகுதி பெற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். அல்லது விலையின் ஒரு பகுதி செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லையாயின் பொறுப்பாளி கையொப்பமிட்ட எழுத்துக் குறிப்பொன்று இருத்தல் வேண்டும். முற்பணம் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டிருப்பின் கையொப்பம் பற்றிய வாதத்துக்கே இடமில்லை. முற்பணமின்றிச் செய்தி மாத்திரம் பரிமாறப்பட்ட சந்தர்ப்பத்திலேயே 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் துணைக்கு வருகின்றது.

ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்டவலு மறுக்கப்படலாகாது என்பது இச்சட்டத்தின் அடிநாதம். பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கும் தகவல் 'எழுத்து' எனக் கருதப்படும். முன்மொழிவும் ஏற்பும் இலத்திரனியல் முறையிலேயே இடம்பெறலாம். 2017 ஆம் ஆண்டின் திருத்தம் எமது சட்டத்தை ஐக்கிய நாடுகளின் 2005 ஆம் ஆண்டுச் சாசனத்துடன் இசைவுபடுத்தியது. கையொப்பம் குறித்து அச்சாசனம் வகுத்த அளவுகோல், கையாண்ட முறை ஆளையும் அவரது நோக்கத்தையும் காட்டுகின்றதா, நோக்கத்துக்குப் போதிய நம்பகத்தன்மை உடையதா என்பதாகும். நம்பகத்தன்மை பற்றிச் சர்ச்சை எழுந்தாலும், ஆளையும் நோக்கத்தையும் அது உண்மையில் காட்டியது என வேறு சான்றுகளால் நிரூபித்தால் போதுமானது.

ஆகவே மின்னஞ்சலின் அடியில் தட்டச்சு செய்த பெயரும் ஒப்பமாகலாம். அப்படியாயின் எண்ம ஒப்பம் எதற்கு? வேறுபாடு செல்லுபடித்தன்மையில் அன்று, நிரூபிப்பதில் உள்ளது. எண்ம ஒப்பமிடும்போது ஆவணம் முழுவதிலுமிருந்து ஒரு சுருக்கக் குறியீடு கணிக்கப்பட்டு, ஒப்பமிடுபவரிடம் மாத்திரம் இருக்கும் இரகசியத் திறவினால் பூட்டப்படுகின்றது. பெறுபவர் பகிரங்கத் திறவைக் கொண்டு அதனைச் சரிபார்க்கலாம். பின்னர் ஒரு சைபர் கூட்டப்பட்டாலும் சரிபார்ப்புத் தோல்வியடையும். அத்திறவு இன்னாருக்கு உரியது என்பதைச் சான்றுப்படுத்தும் நிறுவனம் உறுதிசெய்கின்றது. இலங்கையில் லங்காசைன் சேவை 2009 முதல் இதனைச் செய்துவருகின்றது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பயன்படுத்தப்பட்ட திறவு எது என்பதையே எண்ம ஒப்பம் காட்டும். அவ்வேளை விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பதைக் காட்டாது. இரகசியச் சொல்லை இலிகிதரிடம் ஒப்படைக்கும் முதலாளி, தமது கையொப்பத்தையே அவரிடம் ஒப்படைக்கின்றார். கையொப்பத்தைப் படம்பிடித்துப் பத்திரத்தில் ஒட்டுவதோ எண்ம ஒப்பமே அன்று; அப்படத்தை எவரும் பிரதிசெய்து வேறொரு பத்திரத்தில் ஒட்டிவிடலாம்.

எமது வாசகர்களுக்கு மிக முக்கியமானது, இச்சட்டம் தொடாத எல்லையாகும். காணி விற்பனையும் கைமாற்றமும், மரணசாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியன அதன் ஏற்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். ரொறன்ரோவில் வாழும் சகோதரர் 'காணியை உனக்கே தருகிறேன்' என்று மின்னஞ்சல் அனுப்பினாலும், டோஹாவில் தொழில்புரியும் கணவர் வீட்டை விற்கும் அதிகாரத்தைக் குறுஞ்செய்தியில் வழங்கினாலும், அவற்றைக்கொண்டு காணியைக் கைமாற்ற முடியாது. எண்ம ஒப்பம் இடப்பட்டிருந்தாலும் நிலைமை இதுவே. இத்தகைய செய்தியை நம்பி முற்பணம் கொடுப்பவர் காணியைக் கோர முடியாது. கொடுத்த பணத்தை மீளப்பெறவே வழக்காட நேரிடும். இதுபோன்ற பாதிப்பு, போரினாலும் தொழில் தேடலினாலும் உறவுகள் கடல் கடந்து சிதறியுள்ள குடும்பங்களுக்கே கூடுதலாக ஏற்படுகின்றது.

ஏனைய கொடுக்கல் வாங்கல்களில் வழக்கின் வெற்றியை நிர்ணயிப்பது பாதுகாக்கப்பட்ட சான்றேயாகும். திரையைப் படம்பிடித்த பிரதி ஒன்றை எளிதில் மாற்றியமைத்துவிடலாம் என எதிர்த்தரப்பு வாதிடும். செய்தித் தொடரை முழுமையாக, வந்த தொலைபேசியிலேயே வைத்திருப்பதும், மின்னஞ்சலை அதன் மூல வடிவிலேயே பேணுவதும் அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்யும். உடன்பாடில்லாத செய்திக்கு 'கிடைத்தது, பின்னர் பதில் தருகிறேன்' என்று ஒரு வரி எழுதுவதே பாதுகாப்பானது. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் கனேடிய விவசாயிக்கு 82,200 டொலர் மிஞ்சியிருக்கும்.