பறை முன்னே, பெட்டித் தாளம் பின்னே

இப்போது கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் புதுவிதப் பாட்டுகள் வருகின்றன. கீழே கம்ப்யூட்டரில் அமைத்த "டும் டும்", மேலே நம்ம பறை. கிராமத்து வாத்தியத்தை மெஷினோடு சேர்க்கலாமா என்று என் வயசுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒலிப்பதிவு வேலையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எதற்கு எது வளைந்து கொடுப்பது என்பதில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? கலைஞரைக் கூப்பிட்டுக் காதில் "டிக் டிக்" என்று ஓட விட்டு, பத்து நிமிஷம் அடிக்கச் சொல்கிறார்கள். அதில் நல்லதாக ஒரு சுற்றை வெட்டி எடுத்து, பாட்டு முழுக்க அதையே ஒட்டுகிறார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டர் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிறார்கள். இதற்குக் குவாண்டைஸ் என்று பெயர்.

இதில் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கோடு பார்ப்போம். நிமிஷத்துக்கு 100 தட்டு ஓடும் ஒரு பாட்டு. ஒரு தட்டுக்கு 600 மில்லி செகண்டு. அதை மூன்றாகப் பிரித்து அடிக்கும் நடை என்றால், அடிக்கு அடி இடைவெளி 200. பழகிய கை அப்படிச் சரிசமமாக அடிக்காது. இரண்டாவது அடி 20 மில்லி செகண்டு பிந்தி விழும். அடுத்தது அதை எட்டிப் பிடிக்கும். ஆளை ஆட வைப்பது அந்தச் சின்னத் தள்ளாட்டம்தான். நேராக்கிவிட்டால் அடி இருக்கும், ஆட்டம் போய்விடும்.

சரி, நேராக்காமல் அப்படியே விட்டால்? பெட்டித் தாளம் கட்டத்தில் நிற்கும், பறை 20 தள்ளி விழும். ஒரே அடியாகக் கேட்க வேண்டியது "டட" என்று இரட்டையாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரிந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் பறையை நகர்த்தாதீர்கள், மெஷினை நகர்த்துங்கள். கலைஞர் தன் போக்கில் முழுசாக வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொரு சுற்றின் முதல் அடியையும் குறித்துக்கொண்டு, அந்தக் குறிகளுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரின் கட்டத்தை வளைக்கலாம். 100-இல் தொடங்கி முடிவில் 106-க்கு அவர் ஏறினாலும், பெட்டித் தாளம் கூடவே ஏறி வரும். அரை நாள் வேலைதான். வெட்டி ஒட்டுவதை விட நேரம் அதிகம் என்பதால் யாரும் செய்வதில்லை.

அடுத்தது கனம். மெஷினின் "டும்" அடிவயிற்றில் இடிக்கிற ஒலி. பறைக்கும் அடியில் ஒரு கனம் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் முட்டினால் வெறும் இரைச்சல்தான். பறையின் ஆகக் கீழ் ஒலியை மட்டும், ஏறக்குறைய 80 ஹெர்ட்சுக்குக் கீழே, மெல்லக் குறைத்து அந்த இடத்தை மெஷினுக்கு விடலாம். அடிக்குச்சியின் அறைதலும், நீண்ட மெல்லிய மூங்கில் குச்சியின் "சடசட"வும் மேலே இருப்பவை, அவற்றைத் தொடக்கூடாது. எல்லா அடிக்கும் "டும்" வைக்கவும் வேண்டாம். சுற்றுக்கு இரண்டு போதும்.

முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக் வைத்துப் பதிந்திருந்தால் இன்னொன்று பார்க்க வேண்டும். குச்சி பட்டதும் தோல் முன் மைக்கை விட்டு விலகிப் பின் மைக்கை நோக்கிப் போகும். அதனால் இரண்டின் அலையும் எதிரெதிர். அப்படியே கலந்தால் கனம் கரைந்து தகரம் மாதிரி ஒலிக்கும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் உண்டு. அமுக்கியதும் கனம் திரும்பி வந்தால் அதுவே சரி.

கடைசியாக நெருப்பு. தோல் குளிர்ந்தால் தொய்யும், சுருதி இறங்கும். மெஷின் சுருதி இறங்காது. முதல் சரணத்தில் பொருந்தியது மூன்றாவதில் பொருந்தாமல் போவது இதனால்தான். கண்ணாடி அறைக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். வாசலில் வைக்கோல் கொளுத்த இடம் விட்டு, ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் காய்ச்சி வர அவகாசம் கொடுக்க வேண்டும். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கு என்று இதில் கைவைப்பவர்கள், பிறகு கம்ப்யூட்டரில் சுருதியை ஏற்றப் பார்க்கிறார்கள். அதில் தோல் மணம் போய்விடும்.

நெருப்புக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க மனசில்லாதவர்கள், கலைஞரைக் கூப்பிடாமல் முழுப் பாட்டையும் மெஷினிலேயே அடித்துக்கொள்ளட்டும். ஒரு சுற்று வாசிப்புக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அட்டையில் "பறை" என்று போட்டுக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.